பின்னட்டையில் கதை முடிந்துவிடக் கூடாது: ‘கடலுக்கு அப்பால்’ நாவலுக்கு ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தது

ஒரு நாவலைப் படித்து முடித்த மாணவரிடம், “இந்தப் புத்தகத்தோட பின்னட்டைக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் கதைச்சுருக்கத்தைத்தான் எழுதுவார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று வரிசையாக எழுதினால்தான் மதிப்பெண் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்! கதைச்சுருக்கம் என்பது படித்துவிட்டேன் என்று ஆசிரியருக்கு நிரூபிப்பது. பின்னட்டைக் குறிப்பு படிக்காத ஒருவரைப் படிக்க வைப்பது. முன்னதில் முடிவு இல்லாவிட்டால் தவறு. பின்னதில் முடிவு இருந்தால் தவறு. இரண்டையும் ஒரே கையால் எழுத வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

வகுப்பில் எடுத்துக்கொண்ட நூல் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. 1959இல் நூலாக வந்தது. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனவர். இந்தக் கதை நடப்பது நமக்குப் பக்கத்தில், பினாங்கில். சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் வாரக் கடைசியில் பினாங்கு லிட்டல் இந்தியாவுக்குப் போய்த் துணியும் பலகாரமும் வாங்கி வருகிறோமே, அந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. அந்த உலகத்துக் கதை. சிறிய நாவல், ஐந்தாம் படிவ மாணவர் ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

இனி எழுதப்போவதில் நாவலின் முடிவு வந்தே தீரும். முடிவைச் சொல்லாமல், முடிவை எப்படி மறைப்பது என்று விளக்க முடியாது. இன்னும் படிக்காதவர்கள் நூலைப் படித்துவிட்டு இங்கே வந்தால் நல்லது.

கதை இதுதான். ஜப்பான் சரணடைந்த பிறகு, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த செல்லையா பினாங்குக்குத் திரும்புகிறான். போருக்கு முன் அவன் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். ஆனால் பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டித்தொழிலுக்கு லாயக்கில்லை என்பது பிள்ளையின் கணக்கு. கடைசியில் மரகதத்தை அவர் செல்லையாவுக்குக் கொடுப்பதில்லை. செல்லையா அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு விலகுகிறான்.

ஒரு மாணவி முதலில் எழுதிக் கொடுத்தது:

“இரண்டாம் உலகப் போருக்குப் பின் பினாங்கு திரும்பும் செல்லையா, தான் நேசித்த மரகதத்தை இழக்கும் சோகக் கதை இது. பட்டாளத்தில் சேர்ந்ததால் முதலாளியின் நம்பிக்கையை இழந்த செல்லையா தவிக்கிறான். பணமே பெரிதென எண்ணும் பிள்ளை, மகளை வேறொருவனுக்குக் கொடுக்க முடிவெடுக்கிறார். இந்தத் துயரத்திலிருந்து செல்லையா எப்படி மீண்டான்? காதலைவிட மன உறுதியே மேலானது என உணர்த்தும் அருமையான நாவல்.”

மொழிப்பிழை இல்லை. நடையும் சுத்தம். ஆனால் இதைப் படித்த பிறகு நாவலைப் படிக்க என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? “டீச்சர், மூணாவது வரியை எடுத்துட்டா போதுமா?” என்று அந்த மாணவி கேட்டாள். போதாது. முடிவு மூன்றாவது வரியில் மட்டும் இல்லை. ஐந்து வரியிலும் கசிகிறது, ஒவ்வொன்றிலும் வேறு வழியாக.

முதல் கசிவு நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். “மரகதத்தை இழக்கும் கதை”, “நம்பிக்கையை இழந்த செல்லையா” என்று எழுதும்போது, ஆளை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே அவன் தலைவிதியை அறிமுகப்படுத்திவிடுகிறோம். கதையின் கடைசியில் நடப்பது பெயருக்கு அடைமொழியாகி வாக்கியத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எழுதுகிறவர் இதைக் கவனிப்பதே இல்லை. ஏனென்றால் அவர் மனதில் செல்லையா ஏற்கெனவே இழந்துவிட்டவன். நூலை முடித்துவிட்டு எழுதுவதால் வருகிற வினை இது. ஆகவே திருத்தும்போது முதல் வேலையாக, பாத்திரப் பெயருக்கு முன்னால் நிற்கும் எச்சங்களை எல்லாம் அடிக்கோடிடச் சொல்வேன். “தாயை இழந்த”, “திருந்திய”, “ஏமாற்றப்பட்ட” போன்ற சொற்களில் எது கதையின் முதல் சில அத்தியாயங்களிலேயே தெரிந்துவிடுகிறதோ அது நிற்கலாம். மற்றது போக வேண்டும். “பட்டாளத்திலிருந்து திரும்பிய செல்லையா” என்பதில் தவறில்லை, அது தொடக்கம். “நம்பிக்கையை இழந்த செல்லையா” என்பது அப்படி இல்லை.

இரண்டாவது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. ‘சோகக் கதை’ என்று சொன்னதுமே காதல் கைகூடாது என்பது தெரிந்துவிட்டது. ‘தியாகம்’, ‘துரோகம்’, ‘பழிவாங்கல்’ எல்லாம் இதே வேலையைச் செய்யும் சொற்கள். இவை எதுவும் சம்பவம் இல்லை, ஆனால் சம்பவத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ‘சோகம்’ என்ற மூன்றெழுத்தைக்கூட எண்ண வேண்டாம், இரண்டே எழுத்தில் ஒரு நாவல் போய்விட்டது பாருங்கள்.

மூன்றாவது, நான்காம் வரியில் உள்ள கேள்வி. மாணவர்களுக்குக் கேள்வியில் முடித்தால் பரபரப்பு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் “எப்படி மீண்டான்?” என்ற கேள்விக்குள் “மீண்டான்” என்ற பதில் உட்கார்ந்திருக்கிறது. “ஏன் பிரிந்தார்கள்?” என்றால் பிரிந்தார்கள். “யார் அவளைக் கொன்றது?” என்றால் அவள் செத்துவிட்டாள். எப்படி, ஏன், யார் என்று தொடங்கும் கேள்வி, தனக்குள் இருக்கும் வினையை நடந்து முடிந்ததாக ஒப்புக்கொண்ட பிறகே கேட்கிறது. ஆ என்று முடியும் கேள்வி மட்டுமே இரண்டு பக்கமும் திறந்திருக்கும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. “செல்லையா மரகதத்தை மறக்கும் மன வலிமையைப் பெற்றானா?” என்று கேட்டால் வடிவம் திறந்த கேள்விதான், உள்ளே மறக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பது மூடியே இருக்கிறது. கேள்விக்குறியைப் பார்த்து ஏமாறாமல், கேள்வி எதை நடந்ததாக எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசி வரி நம் வகுப்பறையின் சொத்து: படிப்பினை. கருப்பொருள் என்ன, படிப்பினை என்ன என்று கேட்டுக் கேட்டு, எந்த நூலைப் பற்றி எழுதினாலும் அது இல்லாமல் முடிக்கத் தெரியாமல் போய்விட்டது. காதலைவிட மன உறுதி மேல் என்று சொல்லிவிட்டால், காதல் போயிற்று, உறுதி மிஞ்சியது என்று ஆகிறது. படிப்பினை என்பதே முடிவிலிருந்து பிழிந்தெடுத்த சாறு. பழத்தைக் காட்டவில்லை, சாற்றைத்தான் கொடுத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. “பணமே பெரிதென எண்ணும் பிள்ளை” என்பது கசிவு மட்டும் இல்லை, தவறான வாசிப்பும்கூட. சிங்காரம் பிள்ளையை வில்லனாக எழுதவில்லை. தான் கட்டிக் காத்த தொழில் ஒழுங்கை நம்புகிறவராக எழுதியிருக்கிறார். துப்பாக்கி பிடித்துப் பழகியவனுக்கு, கடன்காரனிடம் பணிந்து பேசிப் பணம் வசூலிக்கிற பொறுமை இருக்காது என்பது அவருடைய நியாயம். அதில் உண்மை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த நியாயம் புரியாவிட்டால் நாவல் வெறும் பணக்கார அப்பன், ஏழைக் காதலன் கதையாகச் சுருங்கிவிடும். முடிவைச் சொல்லிவிடுகிற குறிப்புகளில் பெரும்பாலானவை நூலைத் தட்டையாகவும் ஆக்கிவிடுகின்றன. என்ன நடந்தது என்பதிலேயே கண் இருப்பதால், எதற்கும் எதற்கும் இடையே இழுபறி என்பது விட்டுப்போகிறது.

“முடிவைச் சொல்லாதீங்க” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியபோது, இன்னொரு மாணவரிடமிருந்து வந்தது இது:

“போர் முடிந்தது. ஆனால் ஒரு போர் முடியவில்லை! பினாங்கு வீதிகளில் ஓர் இளைஞன்... அவன் மனதில் ஒரு ரகசியம்... அடுத்து நடப்பது என்ன? எதிர்பாராத திருப்பங்கள் நிறைந்த விறுவிறுப்பான நாவல்!”

தம்பி, இது எந்தப் புத்தகத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டும். பினாங்கு என்ற சொல்லை எடுத்துவிட்டு ஈப்போ என்று போட்டால் வேறொரு நாவலுக்குத் தயார். கசிவு இல்லைதான், ஏனென்றால் பாத்திரத்தில் தண்ணீரே இல்லை. அதைவிடப் பெரிய குறை, இது பொய். செல்லையாவின் மனதில் ரகசியம் ஏதும் இல்லை. அவன் விருப்பம் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இதை நம்பி மர்மக்கதையை எதிர்பார்த்து வாங்குகிற வாசகர், நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். குறிப்பு வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. எதை மறைக்கலாம் என்பது நம் கையில் இருக்கலாம், இல்லாததைக் காட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் எதுவரை சொல்லலாம்? நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவு நூலின் முதல் கால்பகுதி. இருநூறு பக்கம் என்றால் ஐம்பதாம் பக்கத்துக்குள் வாசகருக்குத் தானாகவே தெரிந்துவிடுவதைச் சொல்வதில் நட்டமில்லை. இது கண்ணளவுதான், கோல் வைத்து அளக்க வேண்டாம். இதைவிடப் பயனுள்ள ஒரு பிரிப்பு, தயக்கத்தைச் சொல்லலாம், தீர்மானத்தைச் சொல்லக் கூடாது என்பது. பிள்ளைக்கு செல்லையாவைப் பற்றி ஐயம் வந்துவிட்டது என்பது தயக்கம். மகளைக் கொடுப்பதில்லை என்பது தீர்மானம். முன்னதைச் சொன்னால் கதவு திறக்கிறது. பின்னதைச் சொன்னால் சாத்திவிடுகிறது.

அந்த அளவில் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து அடித்துத் திருத்தி எழுதியது:

“1945. ஜப்பான் சரணடைந்துவிட்டது. இந்திய தேசிய ராணுவம் கலைந்துவிட்டது. துப்பாக்கி பிடித்துப் பழகிய கையோடு பினாங்குக்குத் திரும்புகிறான் செல்லையா. முன்பு அவன் வேலை பார்த்த வட்டிக்கடை இருக்கிறது. முதலாளி வயிரமுத்துப் பிள்ளை இருக்கிறார். அவர் மகள் மரகதம் இருக்கிறாள். அவனுடைய பழைய இடம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. பட்டாளத்துக்குப் போய்வந்தவன் கடையில் உட்கார்ந்து வட்டிக்கணக்குப் பார்க்க முடியுமா என்று பிள்ளை யோசிக்கிறார். அவர் யோசிப்பது கடையைப் பற்றி மட்டுமல்ல.”

இதில் மரகதத்தைச் செல்லையா விரும்புகிறான் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் கடைசி வாக்கியத்தில் யாருக்கும் அது புரிந்துவிடும். வாசகர் தானே கண்டுபிடித்தது என்பதால் சொன்னதைவிடப் பலமாக நிற்கிறது. நிகழ்காலத்தில் எழுதியதற்கும் காரணம் உண்டு. “திரும்பினான், யோசித்தார்” என்று இறந்தகாலத்தில் போனால் எல்லாம் முடிந்த கதை என்ற வாடை வரும். ‘இருக்கிறது, இருக்கிறார், இருக்கிறாள்’ என்று மூன்று முறை அடுக்கியது ஒரு மாணவரின் யோசனை. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, கூறியது கூறல் என்று வெட்டப் பார்த்தேன். சத்தமாகப் படித்தபோது நான்காவதாக வரும் ‘இருக்கிறதா’வுக்கு அது படிக்கட்டு என்று தெரிந்து விட்டுவிட்டேன்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நாவலைப் படிக்காத பக்கத்து வகுப்பு மாணவர்களிடம் குறிப்பைக் கொடுத்து, “கதை எப்படி முடியும்னு நினைக்கிறீங்க? ஒரே வரியில எழுதுங்க” என்று கேட்க வேண்டும். முதல் குறிப்பைப் படித்தவர்கள் எல்லாருமே சரியாக எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் படித்தவர்களின் ஊகம் திக்குக்கு ஒன்றாகப் போனது. ஒருவர் பேய் வரும் என்றார், ஒருவர் செல்லையா ஜப்பானிய ஒற்றன் என்றார். மூன்றாவதற்கு வந்த விடைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. கடைக்குத் திரும்பி மரகதத்தைக் கட்டுவான் என்று ஒரு பாதி, பிள்ளை விடமாட்டார் என்று மறுபாதி. இரண்டு கட்சிக்கும் குறிப்பிலேயே ஆதாரம் இருந்தது, அவர்கள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் சரியாகச் சொன்னால் கசிவு. யாருமே கதைக்குப் பக்கத்தில் வராவிட்டால் வெறுமை. எதிரெதிரான இரண்டு ஊகங்கள் வந்தால் குறிப்பு நின்றுவிட்டது. இதற்கு ஐந்து நிமிடம் போதும், தனியாகப் பயிற்சித்தாள் எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி வரும். முடிவு ஊருக்கே தெரிந்த கதைகளுக்கு என்ன செய்வது? நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. சுங்கை பட்டாணியில் வாழும் கோ. புண்ணியவானின் ‘கையறு’ நாவல் சயாம் மரண ரயிலைப் பற்றியது. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட பாதை; 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. கெடாவின் தோட்டத்து வீடுகளில் வளர்ந்த பலருக்கு இது பாட்டி சொன்ன கதை. போதாததற்குத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கையறுநிலை என்பது தலைவன் இறந்தபின் பாடும் புறத்துறை. பாரி மகளிரின் பாட்டு அந்தத் துறையைச் சேர்ந்தது என்று ஆறாம் படிவ மாணவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் தலைப்பிலேயே சாவை வைத்துவிட்ட பிறகு, பின்னட்டையில் “இவர்கள் உயிர் பிழைப்பார்களா?” என்று கேட்பது அசட்டுத்தனம்.

இப்படிப்பட்ட நூலில் மறைக்க வேண்டியது வரலாற்றின் முடிவு அல்ல, மனிதர்களின் முடிவு. ரயில் பாதை போடப்பட்டது, பல பேர் செத்தார்கள் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். இந்த வீட்டிலிருந்து போனவர் என்ன ஆனார், யார் திரும்பினார், திரும்பியவர் எப்படித் திரும்பினார் என்பவற்றைத்தான் காக்க வேண்டும். குறிப்பு எண்ணிக்கையிலிருந்து ஒரு ஆளுக்கு இறங்க வேண்டும். ‘ஆயிரக்கணக்கானோர்’ என்று தொடங்கி ‘ஆயிரக்கணக்கானோர்’ என்றே முடிந்தால் அது வரலாற்றுப் பாடநூல் ஆகிவிடும். புண்ணியவானின் பாத்திரங்களைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை; ஆசிரியர்கள் படித்து, இதே முறையில் வகுப்பில் எழுதிப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரம் இதைவிட ஒரு படி மேல். அதன் பதிகம் முழுக் கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்டது, மதுரை எரிந்தது, நூல் நிலைநாட்டும் மூன்று உண்மைகள், எல்லாம் முதலிலேயே வந்துவிடும். இன்றைய கணக்கில் அது மகா மோசமான பின்னட்டைக் குறிப்பு! ஆனால் அங்கே கேட்பவரை இழுப்பது என்ன நடக்கும் என்பதல்ல, தெரிந்தே நடப்பதைப் பார்க்கும் பதற்றம். கோவலன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் புறப்படும்போது, போகாதே என்று நம் மனம் கத்துகிறது. முடிவு தெரியாதவருக்கு அந்தப் பதற்றம் வராது. ஆகவே சிலப்பதிகாரத்துக்குக் குறிப்பு எழுதும் மாணவர் கொலையை மறைக்கத் தேவையில்லை. ஒரு பழைய காவியத்தையும் சிங்காரத்தின் நாவலையும் ஒரே விதியால் அளக்கிற ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். முடிவு தெரிந்தால் நூல் கெடுகிறதா, கூடுகிறதா என்பதை ஒவ்வொரு நூலிடமும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

‘கடலுக்கு அப்பால்’ கெடுகிற வகையா, கூடுகிற வகையா என்று கேட்டால், முதல் வாசிப்பில் கெடும் என்பது என் எண்ணம். செல்லையா கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கிறான். வாசகரும் அவனோடு நம்ப வேண்டும். நம்பாதவருக்கு அந்தக் கடைசிப் பக்கங்களில் வலி இல்லை. அந்த வலியைத்தான் முதல் குறிப்பு ‘சோகக் கதை’ என்ற இரண்டு சொல்லில் செலவழித்துவிட்டது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேர்வில் நாவலின் கதைச்சுருக்கத்தையோ கதைப்பின்னலையோ கேட்டால் முடிவை எழுதாமல் விட்டுவிட்டு, “மீதியை நூலில் காண்க” என்று சாமர்த்தியம் காட்டாதீர்கள். போன ஆண்டு பயிற்சித் தேர்வில் ஒருவர் அப்படியே எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. மதிப்பெண் போட முடியவில்லை.